காசா, பேட்டரியா? இரண்டு மணி நேரத்துக்குள் தெரிய வேண்டிய பாடம்

இந்த மாதப் பாடத்தை எங்க வீட்டு தீபாவளியிலிருந்து தொடங்குறேன். போன தீபாவளி ராத்திரி, எட்டு மணி இருக்கும். அக்கா மகனுக்கு அப்போ ஒன்றரை வயசு. வரவேற்பறையில் விளையாடிக்கிட்டு இருந்தவன் திடீர்னு இருமினான், கொஞ்சம் ஓங்கரிச்சான், அப்புறம் சும்மா இருந்தான். ஆனா வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கிட்டே இருந்தது.

பாட்டி சொன்னாங்க: "காசு ஏதாச்சும் முழுங்கியிருப்பான். ஒரு வாழைப்பழம் குடு, காலையில வெளிய வந்துரும்." பழத்தை உரிக்கும்போதுதான் மேசைக்கடியில் கிடந்த அகல்விளக்கை நான் பார்த்தேன். மண் விளக்கு இல்லை, பேட்டரியில் மினுங்கும் பிளாஸ்டிக் விளக்கு. அடிமூடி திறந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய வட்டப் பேட்டரியைக் காணோம்.

அந்த நிமிஷத்தில் விஷயமே வேறாகிவிட்டது. ஏன் என்பதுதான் இந்தப் பாடம்.

காசு சும்மா இருக்கும், பேட்டரி வேலை செய்யும்

அந்த விளக்கில் இருந்தது சிஆர் 2032 வகை லித்தியம் பேட்டரி. கார் சாவி, எடை பார்க்கும் தராசு, சின்ன ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று பலவற்றில் இந்த மாதிரி வட்டப் பேட்டரிகள் இருக்கின்றன. எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. நம்ம 20 சென் காசின் அகலம் 20.6 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரே அளவு. குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளப் போதுமான அளவு.

காசு சிக்கினால் அது வெறும் உலோகத் துண்டாக அங்கே உட்கார்ந்திருக்கும். பேட்டரி சிக்கினால், ஈரமான சதை அதன் இரண்டு முனைகளையும் தொடும். உடனே சுற்று முழுமையாகி மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் ரசாயனம் ஒழுகுவதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறாங்க. அது முக்கியக் காரணம் இல்லை. பேட்டரி முழுசாக இருக்கும்போதே, எதிர்முனையை ஒட்டிய ஈரத்தில் தண்ணீர் பிரிந்து ஹைட்ராக்சைடு உருவாகிறது. அது கடுமையான காரம். அடைத்த குழாயைத் திறக்க ஊற்றுவோமே, அதே இனம். அது சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும்.

எவ்வளவு காரம்? ஒரு சின்னக் கணக்கு போடலாம். வெறும் 1 மில்லிஆம்பியர் மின்சாரம் 2 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 0.001 × 7200 = 7.2 கூலும். இதை 96,485 ஆல் வகுத்தால் சுமார் 0.000075 மோல் ஹைட்ராக்சைடு. அது 1 மில்லிலிட்டர் எச்சிலில் அப்படியே தங்கினால் பிஎச் 12.9 வரை ஏறும். தண்ணீரின் பிஎச் 7. மருத்துவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் வரலாம் என்று சொல்வது மிகைப்படுத்தல் இல்லை.

"பழைய பேட்டரிதானே, தீர்ந்துபோச்சு" என்றும் நினைக்காதீங்க. 3 வோல்ட் பேட்டரி 2 வோல்ட்டுக்கு இறங்கினால் விளக்கு எரியாது. ஆனா தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் அளவு இருந்தாலே ஆரம்பம். விளக்குக்குச் செத்த பேட்டரி, குழந்தையின் தொண்டைக்கு உயிரோடுதான் இருக்கிறது.

அன்று ராத்திரி என்ன செய்தோம்

வாழைப்பழத்தை நிறுத்தினோம். வாந்தி எடுக்க வைக்கவில்லை. சோறு, தண்ணீர் எதுவும் தரவில்லை. ஒன்று மட்டும் தந்தோம்: தேன். பையன் ஒரு வயதைத் தாண்டியவன், எச்சில் ஒழுகினாலும் விழுங்க முடிந்தது, விழுங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதனால் காரில் போகும்போதே 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர், கொடுத்தோம். அதிகபட்சம் ஆறு தடவை வரை தரலாம். தேன் கெட்டியாக இருப்பதால் பேட்டரியைச் சுற்றிப் படியும். லேசான அமிலத்தன்மையும் உண்டு, அதனால் காரத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

இதில் மூன்று எல்லைகள் இருக்கு. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. விழுங்கி 12 மணி நேரம் தாண்டியிருந்தால் தரக்கூடாது. தேன் வாங்கக் கடைக்கு ஓடி நேரத்தை வீணாக்கக் கூடாது. தேன் சேதத்தைக் குறைக்கும், பேட்டரியை எடுக்காது.

காலி விளக்கையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போனோம். அவசரப் பிரிவு கவுண்டரில் அத்தான் "வயித்து வலி" என்று சொல்லவில்லை. "பட்டன் பேட்டரி முழுங்கிட்டான், எட்டு மணிக்கு" என்று நேராகச் சொன்னார். உடனே எக்ஸ்ரேக்கு அனுப்பினாங்க.

படத்தில் காசு ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரி வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாகத் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் ஓரத்தில் ஒரு படி மாதிரி இருக்கும், அந்தக் குறுகிய பக்கம்தான் எதிர்முனை. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கேதான் சேதம் அதிகம். பையனுக்கு அது முன்பக்கம், மூச்சுக்குழாய் இருக்கும் திசையில் இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய்க் கேமரா விட்டு எடுத்தாங்க. மணி ஒன்பது ஐம்பது. அதற்குள்ளேயே அந்த இடம் கருகிப் புண்ணாகியிருந்தது.

எடுத்ததோடு முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு நாலு நாள் பால். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: காரம் தின்ற இடம் பிறகும் மெலிந்துகொண்டே போகலாம். பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் இருக்கிறது. சில வாரம் கழித்துக்கூட, கொஞ்சமாக இரத்த வாந்தி வந்தாலும், மலம் கறுத்தாலும் உடனே திரும்பி வரணும். அதுவரை அக்கா சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளை, எதுவும் வரவில்லை.

காந்தமும் காசும்

ஒரு காந்தம் மட்டும் என்றால் வெளியே போய்விடக்கூடும். இரண்டு என்றால் கதை வேறு. பொம்மைகளில் வரும் சின்ன வலுவான காந்த உருண்டைகள் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய குடல் சுவருக்கு இரத்தம் போகாது, ஓட்டை விழும். முதலில் சாதாரண வயிற்றுவலி மாதிரிதான் இருக்கும். எத்தனை முழுங்கினான் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே அதுவும் அவசரம்தான்.

காசு பெரும்பாலும் வயிற்றுக்கு இறங்கித் தானாக வெளியே போகும். உணவுக்குழாயில் நின்றாலும், தொந்தரவு இல்லாவிட்டால் மருத்துவர் ஒரு நாள் வரை காத்துப் பார்க்கலாம். எச்சில் ஒழுகினால், மூச்சுத் திணறினால் காத்திருக்க மாட்டார். ஆனா ஒன்று: அது காசுதான் என்று சொல்ல வேண்டியது எக்ஸ்ரே, பாட்டியோ நாமோ இல்லை.

செய்து பாருங்கள்

ஒரு கோழித் துண்டில் மஞ்சள், உப்பு கலந்த தண்ணீர் தடவி, பட்டன் பேட்டரியைக் குறுகிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். சின்னப் பிள்ளைகள் இல்லாத அறையில், கையுறை போட்டுச் செய்யுங்கள். எடுத்துப் பார்த்தால் மஞ்சள் அங்கே சிவந்திருக்கும். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் மஞ்சள் சிவக்குமே, அதே காரணம்தான்: காரம். முடிந்ததும் கோழியைக் குப்பையில் போடுங்கள். பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

கலந்துரையாட

1. உங்க வீட்டில் திருகாணி இல்லாமல், கையாலேயே திறக்கும் பேட்டரி மூடி எந்தெந்தப் பொருளில் இருக்கிறது?
2. குழந்தை என்ன முழுங்கியது என்று யாரும் பார்க்கவில்லை, ஆனா எச்சில் ஒழுகுது, சாப்பிட மறுக்குது. எதை முதலில் தேடுவீர்கள்?
3. "காலையில வெளிய வந்துரும்" என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், மரியாதை குறையாமல் என்ன பதில் சொல்வீர்கள்?