வைடூரியமா, கண்ணாடியா?

பெக்கான் நானாஸில் மோதிரத்துக்கு வைடூரியம் வாங்கப் போகிறீர்களா? கல்லில் ஓடும் வெள்ளிக் கோட்டை மட்டும் நம்பாதீர்கள். சாயமேற்றிய கண்ணாடி இழைகளைக் கட்டாக உருக்கிச் செய்த போலியிலும் அது ஓடும், பெரும்பாலும் இன்னும் கூர்மையாகவே.

இழைகள் கோட்டுக்குக் குறுக்கே கிடப்பதால், கோட்டின் இருபுறப் பக்கங்களை 10 மடங்கு லென்சில் பாருங்கள். தேன்கூடு போன்ற அறைகள் தெரிந்தால் கண்ணாடிதான். தெரியாவிட்டால் அசல் என்று ஆகிவிடாது. மோதிரத்தில் பதித்துவிட்டால் அந்தப் பக்கங்கள் மறைந்துவிடும்; கல்லைத் தனியாகவே பாருங்கள்.

சான்றிதழில் கனிம வகை ‘கிரைசோபெரில்’ என்றிருக்க வேண்டும். ‘குவார்ட்ஸ்’ என்றால் இயற்கைக் கல்தான், ஆனால் மிக மலிவு. 4.12 காரட் என்று எழுதியிருந்தால் தராசில் 0.82 கிராம் காட்ட வேண்டும். இல்லையேல் அது வேறொரு கல்லின் சான்றிதழ்.