அலகு: மின்கடத்தல் – மேலதிக வாசிப்பு
மீகடத்தியில் இலத்திரன்கள் சோடி சேர்வது எவ்வாறு?

உலோகக் கம்பியொன்றில் மின்னோட்டம் பாயும்போது தடை இருக்கும் என்றும், வெப்பநிலை குறையத் தடையும் குறையும் என்றும் படித்துள்ளீர்கள். ஆனால் 1911 ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டின் இலெய்டன் நகரில் கமர்லிங் ஒனெஸ் என்பவர் இரசத்தைத் திரவ ஈலியத்தினால் குளிரச் செய்தபோது வேறொன்று நிகழ்ந்தது. ஏறத்தாழ 4.2 கெல்வினில் இரசத்தின் தடை திடீரென மறைந்து போயிற்று. இவ்வாறு தடையற்றுக் கடத்தும் பொருள் மீகடத்தி எனப்படும். தடை மறையும் வெப்பநிலை அப்பொருளின் அவதி வெப்பநிலை எனப்படும்.

இதற்குச் சரியான விளக்கம் கிடைக்க 46 வருடங்கள் சென்றன. 1957 இல் பாடீன், கூப்பர், சிறீபர் ஆகிய மூவரும் அதனை வழங்கினர். அவர்களது விளக்கத்தின் அடிப்படை, இலத்திரன்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்கின்றன என்பதாகும். இங்கே வகுப்பில் எப்போதும் எழும் கேள்வி ஒன்றுண்டு. "சேர், இலத்திரன்கள் இரண்டும் மறை ஏற்றம் உடையவை. ஒத்த ஏற்றங்கள் தள்ளும் அல்லவா? பிறகு எப்படிச் சோடி சேரும்?" இக்கேள்விக்கு விடை தெரிந்தால் பாடம் முழுவதும் விளங்கும்.

1. சாலகம் செய்யும் உதவி

உலோகத்தினுள் நேரயன்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. இவ்வடுக்கே சாலகம் ஆகும். அதனூடாக இலத்திரன்கள் சுயாதீனமாக அசைகின்றன. ஓர் இலத்திரன் செல்லும்போது அருகிலுள்ள நேரயன்களைத் தன்பால் சிறிது இழுக்கும். ஆனால் இரசத்தின் அயனொன்று இலத்திரனைப் போல் ஏறத்தாழ 3,66,000 மடங்கு திணிவுடையது. எனவே அது மெதுவாகவே அசையும். அயன்கள் நெருங்கி வரும்போது இலத்திரன் வெகு தூரம் போய்விடும். அவ்விடத்தில் நேர் ஏற்றம் சற்றுச் செறிந்த பகுதியொன்று மட்டும் சிறிது நேரம் எஞ்சியிருக்கும். இன்னோர் இலத்திரன் அப்பகுதியால் கவரப்படும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் இயந்திரப் படகொன்று வேகமாகக் கடந்து சென்றதை நினைத்துப் பாருங்கள். படகு கண்ணுக்கு மறைந்த பின்னரே அதன் அலை கரையோரத் தோணியை வந்து ஆட்டும். படகும் தோணியும் ஒன்றையொன்று தொடவில்லை. இடையிலிருந்த நீரே ஒன்றின் விளைவை மற்றதற்குக் கொண்டு வந்தது. அதுவும் தாமதித்தே வந்தது. உலோகத்தில் நீரின் இடத்தைச் சாலக அதிர்வு பெறுகிறது. இவ்வுவமையை இந்த அளவோடு நிறுத்துக. அலை தோணியைத் தள்ளும், சாலகமோ கவர்ச்சியைத் தரும்.

இத்தாமதமே முக்கியமானது. முதலாவது இலத்திரன் தூரத்தே சென்றுவிட்டதால் இரண்டுக்கும் இடையிலான தள்ளுகை நலிவடைகிறது. அது விட்டுச் சென்ற கவர்ச்சியோ இன்னும் உள்ளது. ஆகவே தேறிய விளைவு மிகச் சிறிய கவர்ச்சியாகும். இவ்வாறு சேர்ந்த இரண்டும் கூப்பர் சோடி எனப்படும். அவை பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருப்பதில்லை. இடையில் பல நூறு அணுக்கள் இருக்கலாம்.

2. இதற்குச் சான்று என்ன?

சாலகம் உண்மையில் பங்கெடுக்கிறதென்றால், அயன்களின் திணிவை மாற்றும்போது அவதி வெப்பநிலையும் மாற வேண்டும். ஒரு மூலகத்தின் சமதானிகளில் இலத்திரன்களின் எண்ணிக்கை ஒன்றே. நியூத்திரன்களின் எண்ணிக்கையே வேறுபடும். எனவே சமதானிகள் இதற்கு நல்ல சோதனையாகும். இரசத்தில் இச்சோதனை 1950 இல் செய்யப்பட்டது. சராசரி அணுத்திணிவு 199.5 ஆக இருந்தபோது அவதி வெப்பநிலை 4.185 கெல்வின், 203.4 ஆக இருந்தபோது 4.146 கெல்வின்.

பாரமான அயன் மெதுவாக அதிரும். அதிர்வெண் திணிவின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதசமமானது. அவதி வெப்பநிலையும் அவ்வாறே மாறுமெனக் கொண்டு கணிப்போம்.

திணிவுகளின் விகிதம் = 203.4 ÷ 199.5 = 1.0195
அதன் வர்க்கமூலம் = 1.0097
எதிர்பார்க்கும் அவதி வெப்பநிலை = 4.185 ÷ 1.0097 = 4.145 கெல்வின்

அளந்த பெறுமானம் 4.146. இலத்திரன்கள் மட்டுமே காரணமாயின் இம்மாற்றம் ஏற்பட்டிராது.

இன்னொரு சான்றும் உண்டு. அறை வெப்பநிலையில் மிக நன்றாகக் கடத்தும் செம்பும் வெள்ளியும் இதுவரை அளக்கப்பட்ட எவ்வெப்பநிலையிலும் மீகடத்திகளாகவில்லை. அவற்றை விடக் குறைவாகக் கடத்தும் ஈயமும் இரசமும் மீகடத்திகளாகின்றன. காரணம் எளிது. சாலக அதிர்வுடன் இலத்திரன்கள் வலுவாகத் தாக்கமுறுமாயின் அறை வெப்பநிலையில் தடை கூடும். அதே தாக்கமே கடுங்குளிரில் சோடி சேர்க்கிறது.

3. சத்தி இடைவெளி

சோடியைப் பிரிப்பதற்குக் குறித்த அளவு சத்தி தேவை. அதற்குக் குறைந்த சத்தியை அது ஏற்காது. இந்த இழிவளவே சத்தி இடைவெளி ஆகும். மிகக் குறைந்த வெப்பநிலையில் இதற்கான அண்ணளவான தொடர்பு வருமாறு:

E = 3.5 × k × Tc

இங்கு Tc அவதி வெப்பநிலை, k போல்ற்சுமான் மாறிலி (கெல்வினுக்கு 0.086 மில்லி இலத்திரன்வோல்ற்று).

உதாரணம்: வெள்ளீயத்தின் அவதி வெப்பநிலை 3.7 கெல்வின்.
E = 3.5 × 0.086 × 3.7 = 1.1 மில்லி இலத்திரன்வோல்ற்று.

பரிசோதனையில் பெற்ற பெறுமானமும் ஏறத்தாழ இதுவே.

1 கெல்வினில் வெப்பச் சத்தியின் அளவு (k × T) 0.086 மட்டுமே. இடைவெளி அதனைப் போல் ஏறத்தாழ 13 மடங்கு. எனவே சாலக அதிர்வினால் சோடிகளைப் பிரிப்பது அரிது. சோடிகள் யாவும் ஒரே நிலையில் ஒருமித்து அசைவதால் அவற்றுள் ஒன்றை மட்டும் திசைதிருப்பவும் இயலாது. ஆகவே தடை இல்லை. வெப்பநிலை கூடும்போது சோடிகள் பிரியத் தொடங்கும், இடைவெளியும் சுருங்கும். அவதி வெப்பநிலையில் அது பூச்சியமாகும். வலிமையான காந்தப்புலத்தினாலும் மிகையான மின்னோட்டத்தினாலும் மீகடத்தல் அழியும்.

கவனிக்க: சிலிக்கனின் சத்தி இடைவெளியுடன் இதனைக் குழப்ப வேண்டாம். சிலிக்கனின் இடைவெளி 1.1 இலத்திரன்வோல்ற்று, அதாவது வெள்ளீயத்தினதைப் போல் ஆயிரம் மடங்கு. அங்கே இடைவெளி மின்னோட்டத்துக்குத் தடங்கல். மீகடத்தியில் அது மின்னோட்டத்துக்குக் காவல்.

4. விளக்கம் பொருந்தாத இடம்

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தமிழவேள், இராமகிருஷ்ணன் உள்ளிட்ட குழுவினர், தூய பிசுமது பளிங்கு 0.00053 கெல்வினில் மீகடத்தியாவதாக 2016 இல் அறிவித்தனர். பிசுமதுவில் ஏறத்தாழ ஓர் இலட்சம் அணுக்களுக்கு ஓர் அசையும் இலத்திரனே உண்டு. இலத்திரன் மிக விரைவானது, அயன் மெதுவானது என்ற எடுகோளில் நின்றே மேலே தாமதத்தை விளக்கினோம். பிசுமதுவில் இலத்திரன்களின் சத்தி மிகக் குறைவாதலால் அவ்வெடுகோள் நன்கு பொருந்தாது. ஆகவே இவ்விளக்கத்தை அப்படியே அதற்குப் பயன்படுத்த முடியாது.

பயிற்சி

(அ) ஈயத்தின் அவதி வெப்பநிலை 7.2 கெல்வின். மேற்படி தொடர்பின்படி சத்தி இடைவெளி யாது?
(ஆ) அறை வெப்பநிலையில் (300 கெல்வின்) வெள்ளீயத்தில் கூப்பர் சோடிகள் ஏன் நிலைத்திருப்பதில்லை?

விடைகள்

(அ) 3.5 × 0.086 × 7.2 = 2.2 மில்லி இலத்திரன்வோல்ற்று. (அளந்த பெறுமானம் ஏறத்தாழ 2.7. ஈயத்தில் இலத்திரன்–சாலகத் தாக்கம் மிக வலுவானதால் 3.5 என்ற எண் போதாது.)
(ஆ) வெப்பச் சத்தியின் அளவு 0.086 × 300 = 26 மில்லி இலத்திரன்வோல்ற்று. இது 1.1 ஐ விட மிகப் பெரிது. ஆதலால் சோடிகள் பிரிந்துவிடும்.