கை நீளுமுன் ஒரு பட்டியல்

சென்ற மாதம் என் பேரன் பள்ளிகளுக்கிடையிலான சதுரங்கப் போட்டியில் ஏழே நகர்த்தல்களில் மாட் ஆகித் திரும்பினான். “சும்மா கிடந்த சிப்பாயைத்தானே எடுத்தேன், தாத்தா?” என்று கண் கலங்கினான். இருவரும் அந்த ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்த்தோம். நீங்களும் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். N குதிரை, B மந்திரி, Q ராணி, R யானை.

அவனுக்கு வெள்ளை: 1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Nd4.

கறுப்புக் குதிரை c6-ஐ விட்டு நகர்ந்ததால் e5 சிப்பாய்க்குக் காவல் போயிற்று. பேரன் யோசிக்காமல் 4.Nxe5 ஆடினான். பதில் 4...Qg5. ஒரே ராணி e5 குதிரையையும் g2 சிப்பாயையும் தாக்குகிறது. பிறகு 5.Nxf7 Qxg2 6.Rf1 Qxe4+ 7.Be2 Nf3 மாட். e2 மந்திரி நகர்ந்தால் ராஜாவுக்கு ராணியின் செக்; அதனால் அது குதிரையை வெட்ட முடியாது.

பிழை நான்காவது நகர்த்தலில். அவன் பார்த்தது ஒரே ஒரு வழியை. சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோடோவ் வலியுறுத்திய முறை வேறு: ஆடத்தக்க நகர்த்தல்களை முதலில் பட்டியலிட வேண்டும், பிறகே கணக்கு. இங்கே பட்டியல் மூன்று: Nxe5, Nxd4, c3. ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் பதில்களைச் செக், வெட்டு, தாக்குதல் என்ற வரிசையில் தேட வேண்டும்.

Nxe5-க்குப் பிறகு கறுப்பின் செக்குகள் இரண்டு: Nxc2, Nf3. இரண்டிலும் குதிரையை நாம் வெட்டிவிடலாம். வேறு வெட்டு இல்லை. இத்தோடு நிறுத்துபவர்தான் ஏமாறுகிறார். மூன்றாவதான தாக்குதலைத் தேடினால் Qg5 கண்ணில் படும். ஆகவே இந்த வழியை அடித்துவிடலாம்.

அடுத்தது 4.Nxd4. கறுப்பு exd4 என வெட்டினால் குதிரைக்குக் குதிரை சரி. நாம் கோட்டை கட்டி நிம்மதியாக ஆடலாம். செக்கும் வெட்டும் ஓய்ந்த இந்த இடத்தில் கணக்கை நிறுத்தலாம். இதையே தேர்ந்தெடுத்தோம்.

ஆனால் உடனே கை நீட்டக் கூடாது. சிக்னல் இறக்குமுன் லைன் கிளியரைச் சரிபார்ப்பதுபோல, ஆடியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு புதுக் கண்ணோடு பலகையைப் பார்க்க வேண்டும். இப்போதும் Qg5 வந்தால்? 5.Nf3 என்று திரும்பும் குதிரை ராணியையே தாக்கும். Qxg2 என்றால் 6.Rg1 Qh3 7.Bxf7+. ராஜா மந்திரியை வெட்டினால் 8.Ng5+, ராணி நமக்கு. பயமில்லை, ஆடலாம்.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அதுவரை கை மடியில் இருக்கட்டும். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பது போட்டி விதி. காயைப் பிடித்துக்கொண்டு யோசித்துப் பயனில்லை. பட்டியலும் நான்கைத் தாண்ட வேண்டாம், கடிகாரம் ஓடிவிடும்.

நேற்று என்னோடு ஆடுகையில் பேரன் பாதி நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். நான் விரித்த வலை வீணாயிற்று!