திரும்பி வந்த காசோலை: பெற்றவரும் கொடுத்தவரும் செய்ய வேண்டியவை

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்தில் விற்ற விளைபொருளுக்குரிய பணம் பெரும்பாலும் விவசாயியின் வங்கிக் கணக்கிற்கே வந்து சேருகிறது. ஆனால் மூலனூர், தாராபுரம் பகுதிகளில் தோட்டத்திலேயே பருத்தியை எடை போட்டு ஜின்னிங் பேக்டரிக்கோ பஞ்சு வியாபாரிக்கோ கொடுக்கும்போது, பல சமயம் காசோலைதான் கைக்கு வருகிறது. "நான் சொன்ன பிறகு பேங்கில் போடுங்கள்" என்ற வாய்ச்சொல்லும் அதனுடன் சேர்ந்தே வரும். இந்த வாய்ச்சொல்லை நம்பிக் காசோலையைப் பெட்டியில் வைத்திருப்பதே விவசாயிகள் பணத்தை இழப்பதற்கு முக்கியக் காரணமாகும்.

காசோலை பணமாகாமல் திரும்பினால் வங்கி அதனுடன் ஒரு மெமோ தரும். திரும்பியதற்கான காரணம் அதில் எழுதப்பட்டிருக்கும். காசோலையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் மெமோவையும் கேட்டுப் பெறவேண்டும். அது கைக்கு வந்த தேதியைக் குறித்து வைப்பதும் அவசியம். நோட்டீஸ் அனுப்புவதற்கான கெடு அந்தத் தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

தேதி கடந்த காசோலை

முன்பு காசோலை ஆறு மாதம் வரை செல்லும். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2012 ஏப்ரல் 1 முதல் இது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. காசோலையில் எழுதியுள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் என்று கொள்ளவேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. இன்னும் ஆறு மாதக் கணக்கிலேயே இருப்பவர்கள் கிராமங்களில் உண்டு.

கெடு கடந்த காசோலை திரும்பினால் கொடுத்தவர் மீது காசோலைக் குற்ற வழக்குத் தொடர முடியாது. ஆயினும் கடன் அழிந்துவிடுவதில்லை. அவரிடம் புதிய காசோலை கேட்டு வாங்கலாம். பழைய காசோலையில் தேதியைத் திருத்தி முழுக் கையொப்பமிட்டுத் தருவதற்கும் விதி இடம் தருகிறது. எனினும் புதிய காசோலை வாங்குவதே நலம். கொடுத்தவர் மறுத்தால் எடைச் சீட்டு, விற்பனைச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சிவில் வழக்குத் தொடரலாம். அது நெடுநாள் பிடிக்கும் வழியாகும்.

கணக்கில் பணம் இல்லாமை

1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கொடுக்கவேண்டிய கடனுக்காகத் தந்த காசோலை பணமின்றித் திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் காசோலை திரும்பியதுமே குற்றமாகிவிடுவதில்லை. பெற்றவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி, அதற்குப் பிறகும் பணம் வராவிட்டால்தான் குற்றமாகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மூலனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் 20 குவிண்டால் பருத்தியைக் குவிண்டால் 7,500 ரூபாய் வீதம் விற்று, மார்ச் 10 தேதியிட்ட 1,50,000 ரூபாய்க் காசோலை பெறுகிறார். வியாபாரி தவணை சொல்லிக்கொண்டே வருகிறார். கெடு முடியும் தறுவாயில், ஜூன் 2 அன்று விவசாயி அதைத் தம் கிளையில் போடுகிறார். அது பணமின்றித் திரும்பி, ஜூன் 4 அன்று மெமோ கைக்கு வருகிறது. அன்றிலிருந்து 30 நாட்களுக்குள், அதாவது ஜூலை 4க்குள், அவர் நோட்டீஸ் அனுப்பவேண்டும். ஜூன் 12 அன்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியது ஜூன் 15 அன்று வியாபாரிக்குக் கிடைக்கிறது. பணம் கொடுக்க அவருக்கு 15 நாள் அவகாசம் உண்டு. அது ஜூன் 30 உடன் முடிகிறது. அதன் பின் ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யவேண்டும். கடைசி நாள் எது என்று தர்க்கம் செய்யாமல் ஜூலை மூன்றாம் வாரத்திலேயே தாக்கல் செய்துவிடுவது நல்லது.

நோட்டீஸில் காசோலை எண், தேதி, தொகை, திரும்பிய காரணம் ஆகியவை இருக்கவேண்டும். கேட்கும் தொகை காசோலைத் தொகையாகவே இருக்கவேண்டும். தொகை மாறியிருந்தால், அது எழுத்துப் பிழையாக இருந்தாலும் நோட்டீஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்துள்ளது. வண்டிச் சத்தம், வட்டி போன்றவற்றைக் கேட்பதானால் காசோலைத் தொகையுடன் கலக்காமல் தனியே எழுதவேண்டும்.

வழக்கு எங்கே என்பதில் முன்பு குழப்பம் இருந்தது. 2015இல் செய்த திருத்தத்தின்படி, பெற்றவர் கணக்கு வைத்துள்ள கிளை எந்த நீதிமன்ற எல்லையில் உள்ளதோ அங்கேயே வழக்குத் தொடரலாம். வியாபாரியின் வங்கி திருப்பூரில் இருந்தாலும், மூலனூரில் கணக்குள்ள விவசாயி தாராபுரம் நீதித்துறை நடுவரிடம் செல்லலாம்.

முப்பது நாள் கெடுவைத் தவறவிட்டாலும், காசோலையின் மூன்று மாதம் முடியாமல் இருந்தால் அதை மறுபடியும் வங்கியில் போடலாம். மீண்டும் திரும்பினால் புதிய மெமோவிலிருந்து 30 நாள் கிடைக்கும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. மேலே கண்ட விவசாயி காசோலையை ஜூன் வரை பெட்டியில் வைத்திருந்ததால் அவருக்கு இந்த வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று.

கையொப்பம் ஒத்துவராமை

இது பெரும்பாலும் வஞ்சகமன்று. பல்லடம், அவிநாசி வட்டாரங்களில் விசைத்தறி வைத்துள்ள விவசாயிகள் நூலுக்கும் தறிச் சாமான்களுக்கும் காசோலை கொடுக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழில் போட்ட கையொப்பம் வங்கியில் இருக்கும்; இன்று ஆங்கிலத்தில் போடுவார். வயது ஏறினால் கை நடுக்கமும் சேரும். காசோலையின் படம் மட்டுமே கணினி வழியே கொடுத்தவரின் வங்கிக்குச் செல்வதால், கிளையில் உள்ளவருக்கு ஆளைத் தெரியும் என்பது இப்போது பயன்படாது. இப்படிப்பட்டவர்கள் கிளைக்கு நேரில் சென்று அடையாளச் சான்றைக் காட்டி, புதிய மாதிரிக் கையொப்பம் பதிந்துவிட வேண்டும். கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர் மாறினாலும் இதைச் செய்யவேண்டும்.

வேண்டுமென்றே கையொப்பத்தை மாற்றிப் போட்டுத் தப்பலாம் என்பாரும் உண்டு. லட்சுமி டைகெம் என்ற குஜராத் வழக்கில், கையொப்பமிடும் அதிகாரிகள் மாறிவிட்டதால் ஒரு நிறுவனத்தின் காசோலைகள் பல திரும்பின. இதுவும் 138ஆம் பிரிவில் அடங்கக் கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கூறியது. ஆகவே பெற்றவர் முதலில் தொலைபேசியில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பணம் வரும்வரை பழைய காசோலையையும் மெமோவையும் கைவிடலாகாது. 30 நாள் கணக்கு இங்கும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

கொடுத்தவர் கவனிக்க வேண்டியது

காசோலை திரும்பியது தெரிந்தவுடன் பெற்றவருக்குத் தகவல் சொல்லி, வங்கி மூலமே பணத்தை அனுப்பவேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் காசோலைத் தொகையைக் கட்டிவிட்டால் குற்றம் ஏற்படாது. தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் பயனில்லை. சரியான முகவரிக்கு வந்த நோட்டீஸ் சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். பணம் கட்டியதும் பழைய காசோலையைத் திரும்பப் பெற்று, ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாதிப் பணம் கொடுத்த இடத்தில் இருவருமே தவறு செய்கிறார்கள். மேற்கண்ட வியாபாரி ஏப்ரலில் 50,000 ரூபாய் கொடுத்திருந்தால், விவசாயி அதே காசோலையை 1,50,000 ரூபாய்க்கு வங்கியில் போடலாகாது. அப்போது நிற்கும் கடன் ஒரு லட்சமே என்பதால், காசோலை திரும்பினாலும் வழக்கு நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பெற்ற தொகையைக் காசோலையிலேயே குறிப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் பழையதைக் கொடுத்துவிட்டு, மீதி 1,00,000 ரூபாய்க்குப் புதிய காசோலை வாங்கிக்கொள்வதே எளிது.