என் பிழைகளின் பட்டியல்

பேத்துப்பாறையில் ஸ்பானிய மொழி பேச எனக்கு ஆள் கிடையாது. எழுதியதைத் திருத்தித் தருபவர் இணையவழி ஆசிரியர் ஒருவர்தான், அதுவும் வாரத்துக்கு ஒரு முறை. ஆகவே அவர் கண்ணுக்குப் போகும் முன்பே முடிந்த அளவு நானே களை எடுத்துவிட வேண்டும். அதற்கு எனக்கு உதவுவது ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்.

அவர் திருத்தி அனுப்பிய பழைய தாள்களை எல்லாம் பரப்பிவைத்து, ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் ஒரு பெயர் வைத்து, எது எத்தனை முறை வந்தது என்று கோடு போட்டு எண்ணினேன். ஒரே முறை வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். அவை கைதவறல், அவற்றின் பின்னால் போனால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். திரும்பத் திரும்ப வந்தவை மூன்றே வகை. பெயரடை பெயர்ச்சொல்லோடு பொருந்தாமை, பெயர்ச்சொல்லுக்கு முன் வரவேண்டிய எல், லா போன்ற சுட்டுச் சொல் விடுபடுதல், வினையில் ஒருமை பன்மைக் குழப்பம். மூன்றுக்கும் காரணம் ஊகிக்கக் கூடியதுதான். தமிழில் ‘குளிர்ந்த’ என்பது இரவுக்கும் காற்றுக்கும் மாறாமல் நிற்கிறது, சுட்டுச் சொல்லும் கட்டாயமில்லை. மாறாக, ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு நேரான மே குஸ்தா, ஆங்கிலம் வழி படிப்பவர்களைப் படுத்தும் பாட்டுக்கு என்னை ஒன்றும் செய்யவில்லை. அடுத்தவர் பட்டியலைக் கடன் வாங்குவதில் பயனில்லை என்பது அதனால்தான்.

பட்டியலில் பிழையின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ‘பால் பொருத்தம்’ என்று எழுதிவைத்தால் கண் எங்கே போய்ப் பார்க்கும்? தாளில் எதைத் தேட வேண்டும் என்பதையே எழுதுகிறேன். ‘ஒவ்வொரு பெயரடையிலும் விரல் வை, அது எந்தப் பெயர்ச்சொல்லைச் சேர்ந்தது? இரண்டின் கடைசி எழுத்தையும் பார்.’ ‘வாக்கியம் பெயர்ச்சொல்லில் தொடங்கினால் முன்னால் எல், லா, லோஸ், லாஸ் இருக்கிறதா?’ ‘ஹென்தே வந்தால் வினையின் முடிவில் ன் இருக்கிறதா? இருந்தால் எடு.’ ஹென்தே என்றால் மக்கள். நமக்குப் பன்மை, அவர்களுக்கு ஒருமை.

எங்கள் ஊரைப் பற்றி எழுதிய ஒரு பத்தியில் நான்கு வாக்கியங்கள் இப்படி இருந்தன: லா ஹென்தே குல்தீவான் காஃபே. லாஸ் நோச்சேஸ் சோன் ஃப்ரியோ. லா க்ளிமா எஸ் ஃப்ரியா. எலெஃபாந்தேஸ் வியேனென் போர் லா நோச்சே. மக்கள் காப்பி பயிரிடுகிறார்கள், இரவுகள் குளிராக இருக்கும், தட்பவெப்பமும் குளிர், இரவில் யானைகள் வரும் என்று சொல்ல வந்தேன்.

ஒரு வாசிப்புக்கு ஒரே பிழையைத்தான் தேடுவேன், அதையும் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி. முதலிலிருந்து படித்தால் நான் சொல்ல நினைத்ததைத்தான் படிக்கிறேன், எழுதியதை அல்ல. சுட்டுச் சொல்லுக்கான வாசிப்பில் யானைகளுக்கு முன் லோஸ் சேர்ந்தது. பெயரடை வாசிப்பில் ஃப்ரியோ, நோச்சேஸோடு பொருந்த ஃப்ரியாஸ் ஆனது. வினை வாசிப்பில் குல்தீவான், குல்தீவா ஆனது.

க்ளிமா மட்டும் தப்பிவிட்டது. லா, க்ளிமா, ஃப்ரியா மூன்றும் ஆ என்றே முடிவதால் பொருத்தம் சரியாகவே தெரியும். ஆனால் க்ளிமா ஆண்பால். எல் க்ளிமா எஸ் ஃப்ரியோ என்றுதான் வரவேண்டும். என் விதி சொற்களின் பொருத்தத்தைச் சோதிக்குமே தவிர, பெயர்ச்சொல்லின் பாலையே நான் தவறாக நினைத்திருந்தால் அதைக் கண்டுபிடிக்காது. ஆசிரியர்தான் காட்டினார். அதிலிருந்து பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வரிசை: க்ளிமா, ப்ரோப்லேமா, மாப்பா, தியா ஆண்பால், மானோ பெண்பால். ஆசிரியர் தொடுகிற ஒவ்வொரு புதுச் சொல்லும் அங்கே சேர்கிறது.

இறந்தகால வடிவங்கள் இரண்டில் எது பொருந்தும் என்பதையும் விரல் வைத்துத் தேட முடியாது. அது பொருளைப் பொறுத்தது. அதற்கு இன்னும் ஆசிரியரைத்தான் நம்புகிறேன்.

டேலே தேர்வின் பி1 நிலையில் எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடங்கள், இரண்டு எழுத்துகள். கடைசிப் பத்து நிமிடங்களைத் திருத்தத்துக்கு ஒதுக்கினால், மனதில் ஏந்திச் செல்லும் பட்டியல் மூன்று நான்கு வரிகளைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒரு பிழை தொடர்ந்து பல தாள்களில் தலைகாட்டவில்லை என்றால் அதை முந்தைய பக்கத்துக்கு மாற்றி, அடுத்ததை உள்ளே எடுக்கிறேன். அழிப்பதில்லை. ஹென்தேயை இப்படி ஒருமுறை அனுப்பினேன். நீளமான கடிதம் ஒன்று எழுதியபோது ன் திரும்பி வந்தது, அதுவும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.