கிரியாட்டினின் 1.2 என்றால் எல்லோருக்கும் ஒன்றல்ல



"டாக்டரய்யா, அம்மாவுக்குச் சர்க்கரை தானாகவே குறைஞ்சுக்கிட்டு வருது" என்று பசுந்தாங்கைச் சேர்ந்த ஒரு மகள் மகிழ்ச்சியோடு எங்களிடம் சொன்னார். அம்மாவுக்கு வயது 68, எடை 42 கிலோ. இருபது நாள் கழித்து ஒரு விடியற்காலையில் அதே அம்மாவை உடல் வியர்த்து, பேச்சுக் குழறிய நிலையில் கொண்டுவந்தார்கள். இரத்தச் சர்க்கரை 48. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். ஆனால் அன்று மாலை சர்க்கரை மறுபடியும் இறங்கியது.

அவர் கிளிபென்கிளமைடு 5 மில்லிகிராம் இரு வேளையும், மெட்பார்மின் 850 மில்லிகிராம் இரு வேளையும் எடுத்து வந்தார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோபினாக் வேறு. இரத்தப் பரிசோதனையில் யூரியா 62, கிரியாட்டினின் 1.2. கிரியாட்டினின் பக்கத்தில் ஆய்வுக்கூடம் எந்தக் குறியும் போடவில்லை. அதனால் கிட்னி நல்லாத்தான் இருக்கிறது என்று வீட்டார் நம்பினார்கள்.

இரண்டு எண்களும் வேறு வேறு கதை சொல்பவை. யூரியா நாம் உண்ணும் புரதத்திலிருந்து வருவது. உடலில் நீர் வற்றினாலும், குடலில் இரத்தம் கசிந்தாலும் அது ஏறும். இந்த அம்மாவுக்கு முந்திய இரண்டு நாட்கள் பேதி. நீர் கொடுத்து, டைக்ளோபினாக்கை நிறுத்திய ஒரு வாரத்தில் யூரியா 41 ஆனது. கிரியாட்டினின் மட்டும் 1.2-லேயே நின்றது.

கிரியாட்டினின் தசையிலிருந்து அன்றாடம் ஏறக்குறைய ஒரே அளவில் வெளிவரும் கழிவு. தசை குறைவாக உள்ளவருக்கு அது உற்பத்தியாவதே குறைவு. ஆகவே சிறுநீரகம் பாதி பழுதானாலும் எண் பெரிதாக ஏறாது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதல்ல, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி இரத்த நீரை வடிகட்டுகிறது என்பதே. இதைத்தான் ஜி.எப்.ஆர். என்கிறோம்.

1976-இல் காக்கிராப்ட், கால்ட் என்ற இருவர் கொடுத்த கணக்கு எளிது. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்குங்கள். 72-ஐக் கிரியாட்டினினால் பெருக்கி, வருவதால் வகுங்கள். பெண்ணானால் 0.85-ஆல் பெருக்குங்கள். (சீட்டில் 106 போல மூன்று இலக்க எண் இருந்தால் அது மைக்ரோமோல் அளவு. முதலில் 88.4-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.) 30 வயது, 70 கிலோ எடையுள்ள வாலிபருக்குக் கிரியாட்டினின் 1.2 என்றால் விடை 89. நம் அம்மாவுக்கு அதே 1.2-க்கு விடை 30 தான்!

ஆய்வுக்கூடங்கள் இப்போது அச்சிடும் ஜி.எப்.ஆர். வேறு சூத்திரத்தில் வருவது. அதன்படி இவருக்கு 49. ஆனால் அது சராசரி உடற்பரப்புக்கு உரிய எண். இவருடைய சிறிய உடலுக்கு மாற்றினால் சுமார் 37. சிறிய உடல்காரர்களுக்கு மருந்தளவு பார்க்கும்போது நாங்கள் குறைந்த எண்ணையே நம்புகிறோம்.

மருந்து உடலில் தங்குவது தொட்டியில் நீர் நிற்பது போல. வடிகுழாய் பாதி அடைத்திருக்க, மேலே குழாயைப் பழைய வேகத்திலேயே திறந்துவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். கிளிபென்கிளமைடை ஈரல் சிதைத்தாலும், சிதைந்த பொருட்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் சக்தி உண்டு. அவை சிறுநீரகம் வழியாகவும் வெளியேற வேண்டும். இன்சுலினின் ஒரு பகுதியைச் சிதைப்பதும் சிறுநீரகமே. அந்த வேலை குறையும்போது இன்சுலின் கூடுதல் நேரம் நிற்கிறது. மகள் கண்டு மகிழ்ந்த "குணம்" இதுதான். குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கியதற்கும் தேங்கிய மருந்தே காரணம். இப்படிப்பட்டவரைக் கண் விழித்த உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மெட்பார்மின் மாறாமல் அப்படியே சிறுநீரில் போவது. 2016 வரை அமெரிக்க மருந்துத் துறை பெண்களுக்குக் கிரியாட்டினின் 1.4 ஆனால் அதை நிறுத்தச் சொன்னது. அந்த விதிப்படி நம் அம்மா தேறியிருப்பார். 2016-இல் விதியை ஜி.எப்.ஆருக்கு மாற்றினார்கள். 30-க்குக் கீழே கொடுக்கக் கூடாது, 30-க்கும் 45-க்கும் இடையில் புதிதாகத் தொடங்கக் கூடாது. இவர் விளிம்பில் நிற்பதால் இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினோம். சிறுநீரகத்தை அதிகம் நம்பாத லினாகிளிப்டின் 5 மில்லிகிராம் மட்டும் கொடுத்தோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 140 அளவில் இருக்கிறது. இந்த வயதில் அது போதும். முழங்காலுக்குப் பாரசிட்டமால். கடையில் கலந்து கட்டித் தரும் வலிப் பொட்டலத்தை மகள் இப்போது தொடுவதில்லை.

எல்லா மருந்தையும் இப்படிக் குறைக்கக் கூடாது. கடுமையான தொற்றுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றில் முதல் டோஸ் முழுதாகவே போக வேண்டும். தொட்டி முதலில் நிரம்ப வேண்டுமல்லவா? அடுத்த டோஸைத்தான் குறைப்போம், அல்லது இடைவெளியை நீட்டுவோம்.

இந்தக் கணக்கு செல்லாத இடமும் உண்டு. வயல் வேலையில் கண்ணாடி விரியன் கடித்து வருபவரின் சிறுநீரகம் முதல் நாளே நின்றுபோகலாம். ஆனால் கிரியாட்டினின் ஏற ஓரிரு நாட்கள் ஆகும். அன்று சீட்டில் 1.0 என்றிருந்தாலும் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்துப் பயனில்லை. சிறுநீர் மணிக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்துதான் மருந்தை முடிவு செய்கிறோம்.