வெயில் ஒட்டவைப்பதைத் தோல் வெட்டியெடுக்கிறது

காலையில் சமூகத் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பிறகு சந்தைக்குப் போய்விட்டு, பேருந்து நிறுத்தத்தில் சற்று நேரம் நின்று, வீடு திரும்புகிறீர்கள். தோல் எரியவில்லை, சிவக்கவும் இல்லை. ஆனாலும் வெயில் பட்ட இடங்களில், தோலின் உயிரணு ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சிறு சேதங்கள் ஏற்பட்டிருக்கக்கூடும். அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உங்கள் தோல் தானே சரிசெய்துவிடுகிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், அது தவறும்போது புற்றுநோய் ஏன் வருகிறது என்பதும் புரியும்.

உயிரணுவின் உள்ளே டிஎன்ஏ இருக்கிறது. உடல் எப்படி இயங்கவேண்டும் என்ற குறிப்பு முழுவதும் அதில்தான் உள்ளது. இரண்டு பூச்சரங்களை எதிரெதிரே வைத்து முறுக்கியதுபோல அதை நினைத்துக்கொள்ளுங்கள். பூக்கள் நான்கே வகை. அவற்றுள் ஒன்றின் பெயர் தைமீன். ஒரு சரத்தில் தைமீன் இருந்தால், எதிர்ச் சரத்தில் எப்போதும் அடினின்தான் இருக்கும். ஒரு சரத்தைப் பார்த்தே மற்றதைச் சரியாகக் கட்டிவிடலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், ஒரே சரத்தில் பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு தைமீன்களைத் தாக்கினால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மருத்துவர்கள் இதைத் ‘தைமீன் டைமர்’ என்கிறார்கள். ஒட்டிய இடத்தில் சரம் சற்றே கோணிவிடும். தைமீனுக்குப் பக்கத்தில் சைட்டோசின் என்ற வேறு பூ இருந்தாலும் இப்படி ஒட்டுவதுண்டு. பிழைகள் மிகுதியாக விளைவது அந்த இடங்களில்தான்.

ஒட்டிய இரண்டையும் பிரித்துவிடும் வசதி சில உயிரினங்களுக்கு உண்டு. மனிதருக்கு அது இல்லை. நம் உடல் அந்தத் துண்டையே வெட்டியெடுத்துவிடுகிறது. முதலில் சில புரதங்கள் சரம் கோணியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். வேறு சில அங்கே இரண்டு சரங்களையும் சிறிது தூரம் பிரித்துத் திறக்கும். பிறகு, கத்தரிபோல் வேலை செய்யும் இரண்டு புரதங்கள், சேதத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வெட்டும். கெட்டுப்போனவை இரண்டே பூக்கள், ஆனால் வெளியே வருவது சுமார் 30 பூக்கள் கொண்ட துண்டு. வீணாக்குவதுபோல் தோன்றலாம். ஆனால் எதிர்ச் சரம் அப்படியே இருப்பதால், அதைப் பார்த்து விடுபட்டதை நிரப்புவது எளிது. கடைசியில் முனைகள் ஒட்டப்பட்டதும் சரம் பழையபடி ஆகிவிடும். இந்த வேலையின் படிகளைத் தெளிவாக்கிய அசிஸ் சான்ஜார் என்ற அறிவியலாளர் 2015இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

இந்தப் பழுதுபார்ப்பு நிதானமாகவே நடக்கிறது. தோலில் உள்ள தைமீன் டைமர்களில் பாதியை அகற்றவே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். ஆக, நேற்றைய வேலை முடியுமுன் இன்றைய வெயில் மேலும் சேதத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

ஒட்டிய இடம் சரிசெய்யப்படாமல் இருக்கும்போதே உயிரணு இரண்டாகப் பிரிந்தால் சிக்கல். சரத்தைப் படியெடுக்கும்போது அந்த இடத்தில் தவறான பூ சேர்ந்துவிடலாம். அடுத்த முறை அந்தத் தவறுக்கு ஏற்ற துணையும் எதிரே வந்துவிடும். இப்போது கோணல் எதுவும் இல்லை, பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். பழுதுபார்க்கும் புரதங்களால் இனி அதைக் கண்டுபிடிக்க முடியாது. இத்தகைய தவறு, உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகுவதைத் தடுக்கும் மரபணுவில் விழுந்தால், புற்றுநோய்க்கு ஒரு படி நெருங்கிவிடுகிறோம். பொதுவாக ஒரு படி போதாது, பல தவறுகள் சேரவேண்டும். தோல் புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பழுதுபார்ப்பு தொடக்கத்திலிருந்தே குறைபாடாக இருந்தால் என்ன ஆகும்? ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பரம்பரை நோய் அதைக் காட்டுகிறது. வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் மோரிட்ஸ் கப்போசி 1874ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்துவிட்டார். காரணம் தெரிய ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர், இந்நோயாளிகளின் தோல் உயிரணுக்கள் மீதும் மற்றவர்களுடையவை மீதும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். சரத்தில் புதிதாகச் சேரும் தைமீன்களை அடையாளம் காணக் கதிரியக்கக் குறியும் இட்டிருந்தார். மற்றவர்களின் உயிரணுக்களில், வெட்டிய இடங்களை நிரப்பிய புதிய தைமீன்கள் தெரிந்தன. நோயாளிகளின் உயிரணுக்களிலோ அவை மிகக் குறைவு. சேதம் இரு தரப்பிலும் இருந்தது, ஒட்டுப்போடும் வேலைதான் நடக்கவில்லை.

இந்நோய் உள்ள குழந்தைகள் சிலருக்குச் சிறிது வெயில் பட்டாலே தோல் கடுமையாக வெந்துவிடும். சிலருக்கு அப்படி ஆகாது. ஆனால் இரண்டு வயதுக்குள் முகத்தில் கரும்புள்ளிகள் நிறையத் தோன்றும், கண் கூசும். பாதுகாப்பு இல்லாவிட்டால் பத்து வயதுக்குள்ளேயே முதல் தோல் புற்றுநோய் வந்துவிடலாம். முதியவருக்கு வரும் நோய் இங்கே குழந்தைக்கு வருகிறது. குறையுள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்நோய் உண்டாகும். அதனால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். பேரப்பிள்ளையிடம் இத்தகைய அறிகுறிகளைக் கண்டால், “வெயிலில் விளையாடினான், கறுத்துவிட்டான்” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கு அந்த நோய் இல்லை. ஆயினும் வயதாக ஆகப் பழுதுபார்க்கும் திறன் ஓரளவு குறைகிறது. சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அபாயம் மேலும் அதிகம். அவர்கள் உட்கொள்ளும் மருந்துகள் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கின்றன. அவற்றில் சில, இந்தப் பழுதுபார்ப்பையும் தளர்த்துகின்றன. அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தோலை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

“நம் தோல் கறுப்பு, நமக்கு வராது” என்று பலர் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை. தோலின் கருநிறம் கதிரின் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் தோல் புற்றுநோய் குறைவாகவே வருகிறது. ஆனால் வந்தால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது, ஏனென்றால் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. நம் தோலில் அது பெரும்பாலும் பளபளப்பான கரிய மச்சம்போலவே இருக்கும். மூக்கு, கன்னம், காது, தலையின் வழுக்கைப் பகுதி ஆகிய இடங்களைக் கண்ணாடியில் பாருங்கள். மெதுவாகப் பெரிதாகும் கட்டி, அடிக்கடி இரத்தம் கசியும் இடம், நான்கு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவை இருந்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் வந்தாலும் காட்டவேண்டும். உள்ளங்காலையும் நகங்களையும் பாருங்கள். அங்கே வரும் கரும்புற்றுக்கு வெயில் முக்கியக் காரணம் அல்ல, ஆனால் நம்மவர்களிடம் அது வருவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

இங்கே காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை புற ஊதாக் கதிர் மிகக் கடுமையாக இருக்கும். மேகமூட்டம் அதை முழுவதும் தடுப்பதில்லை. தோட்ட வேலையை அதற்கு முன்னதாகவோ மாலையிலோ வைத்துக்கொண்டால், தோல் வெட்டியெடுக்க வேண்டிய டைமர்களின் எண்ணிக்கையே குறைந்துவிடும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள். கப்பல் பட்டறையிலோ சாலைப் பணியிலோ கட்டுமானத்திலோ எத்தனை ஆண்டு வெயிலில் வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இன்று தோலில் தெரியும் புண், முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய வெயிலில் தொடங்கியதாக இருக்கலாம்.